வெடித்த நிலமெல்லாம் பாலைவனமா? – படங்களில் பருவத்தையும் காலநிலையையும் படித்தல்

காலநிலைப் பாடம் நடத்தும்போது நாம் அடிக்கடி செய்யும் பயிற்சி ஒன்று உண்டு. ஒரு படத்தைக் காட்டி, “இது எந்தப் பருவம், எந்தக் காலநிலை மண்டலம்?” என்று கேட்போம். முழங்கால் அளவு நீர் தேங்கிய தெருவைக் காட்டினால் மாணவர்கள் “மழைக்காலம், அதிக மழை பெறும் பகுதி” என்பார்கள். பாளம் பாளமாக வெடித்த நிலத்துக்கு “கோடைக்காலம், பாலைவனம்” என்பார்கள். புழுதி பறக்கும் சாலைக்கு “வறண்ட பகுதி” என்பார்கள். பல பயிற்சி ஏடுகளில் இவையே சரியான விடைகளாகவும் கருதப்படுகின்றன.

இந்த மூன்று விடைகளிலும் பாதிதான் சரி. படத்தில் தெரிவது நிலத்தின் அன்றைய நிலை. அதிலிருந்து பருவத்தை ஓரளவு ஊகிக்கலாம். காலநிலை என்பதோ குறைந்தது 30 ஆண்டுகளின் சராசரி. அதை ஒரே படத்திலிருந்து சொல்ல வேண்டுமானால் வெடிப்பையும் வெள்ளத்தையும் தாண்டி வேறு சான்றுகள் வேண்டும். கரிசல் வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் சமூக அறிவியல் நடத்தும் நான், இந்த வேறுபாட்டை வகுப்பில் எப்படிக் கொண்டுவருகிறேன் என்பதை இங்கே எழுதுகிறேன்.

வெடிப்பு சொல்லும் முதல் செய்தி: இங்கே நீர் இருந்தது

வெடித்த நிலத்தின் படத்தைக் காட்டியதும் வகுப்பில் முதலில் எழும் சொல் “பாலைவனம்” என்பதுதான். அப்போது நான் எதிர்க்கேள்வி ஒன்று கேட்பேன். “கடற்கரை மணல் வெயிலில் எவ்வளவு காய்ந்தாலும் வெடிக்கிறதா?” இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ராஜஸ்தானின் மணற்குன்றுகளும் வெடிப்பதில்லை. அப்படியானால் வெடிப்பதற்கு வறட்சி மட்டும் போதாது, மண்ணும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும்.

மணல் துகள்கள் பெரியவை. அவற்றின் இடையே உள்ள நீர் வெளியேறினாலும் துகள்கள் இருந்த இடத்திலேயே ஒன்றையொன்று தாங்கி நிற்கும். களிமண் துகள்கள் மிக நுண்ணியவை, தட்டையானவை. நீரை ஈர்த்துக்கொண்டு விரியும், நீர் போனதும் சுருங்கும். மேற்பரப்பு காய்ந்து சுருங்கப் பார்க்கும்போது அடியிலுள்ள ஈர மண் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இந்த இழுபறியில் மேற்பரப்பு கிழிகிறது. அதுதான் வெடிப்பு.

ஆகவே ஒரு படத்தில் வெடிப்பைக் கண்டால் இரண்டு செய்திகளை உறுதியாகச் சொல்லலாம். ஒன்று, அந்த மண்ணில் களி மிகுதி. இரண்டு, அந்த இடம் முன்பு நன்றாக நனைந்திருந்தது. நனையாத மண் விரிவதில்லை. விரியாத மண் சுருங்கி வெடிப்பதுமில்லை. பாலைவனம் என்று மாணவர்கள் சொல்லும் அதே படம், நீர் இருந்ததற்கான சான்றாக மாறுவதை அவர்கள் ரசிக்கிறார்கள்.

வறண்ட பகுதிகளில் வெடித்த தரையே கிடையாதா என்று கேட்பவர்களுக்குக் குஜராத்தின் கட்ச் ரண் நல்ல எடுத்துக்காட்டு. அது வறண்ட காலநிலைப் பகுதிதான். ஆனால் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அந்தத் தாழ்நிலத்தில் நீர் பரவி நிற்கும். பின்னர் அது வற்றி, உப்புப் படிந்து, வெடிக்கும். அங்கும் வெடிப்புக்கு முன்னால் நீர் வந்திருக்கிறது.

கண்மாய் வெடிப்பும் கரிசல் வெடிப்பும்

எங்கள் வகுப்பில் வெடித்த நிலப்படத்தைப் பார்த்து ஒரு மாணவி சொன்னாள்: “டீச்சர், எங்க காட்டுல வருசா வருசம் இப்படித்தான் வெடிக்கும். மாடு கால மாட்டிக்கும்னு எங்க தாத்தா அந்தப் பக்கம் ஓட்ட மாட்டாரு.” அவள் சொன்னதில் ஒரு பாடமே இருக்கிறது. கரிசல் மண்ணில் களி மிகுதி. புரட்டாசி, ஐப்பசியில் பெய்யும் மழையைக் குடித்து அது உப்பும். அந்த ஈரத்தை நம்பித்தான் சோளம், உளுந்து, பாசி, பருத்தி எல்லாம் விதைக்கிறார்கள். தை, மாசியில் அறுவடை முடிந்தபின் மண் காய்ந்து, ஒரு முழத்துக்கும் மேல் ஆழமாக வெடிக்கும். மானாவாரி விவசாயிக்கு இது ஆண்டுதோறும் நடக்கும் இயல்பான நிகழ்வு. அடுத்த பருவத்தின் முதல் மழை இந்த வெடிப்புகள் வழியாகத்தான் ஆழத்துக்கு இறங்குகிறது.

அதே வெடிப்பு கார்த்திகை மாதத்தில், வாடிய பயிருக்கிடையே தெரிந்தால் அது பருவமழை பொய்த்ததற்கான அறிகுறி. வெடிப்பு ஒன்றுதான். எந்த மாதத்தில் அது தெரிகிறது என்பதே அதற்குப் பொருள் தருகிறது. மாதம் குறிப்பிடாத வெடிப்புப் படத்தை வைத்து “வறட்சி” என்று எழுதுவது, தேதி இல்லாத கடிதத்தை இன்று வந்ததாகக் கொள்வதைப் போன்றது.

படத்தில் உள்ளது வயலா, கண்மாயா என்பதையும் மாணவர்கள் பிரித்தறிய வேண்டும். கண்மாய்த் தரையில் வண்டல் சமமாகப் படிந்திருக்கும். எனவே பாளங்களின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும். மேல்படலம் கீழ்ப்படலத்தை விட முன்னதாகக் காய்ந்து அதிகம் சுருங்குவதால், பாளங்களின் ஓரங்கள் அப்பளம் போல மேலே வளைந்திருக்கும். நத்தை ஓடுகள் கிடக்கலாம். மாட்டின் குளம்புத் தடம் ஆழமாகப் பதிந்து அப்படியே இறுகியிருந்தால், மாடு நடந்தபோது அங்கே சேறு இருந்தது என்று பொருள். கரிசல் வயலின் மேற்பரப்போ பொலபொலவென்று இருக்கும். வெடிப்புகள் நீளமாக, ஒழுங்கின்றி ஓடும். பருத்திமார் அல்லது சோளத்தட்டையின் அடிக்கட்டை நின்றிருக்கும்.

எவ்வளவு நாளாகக் காய்ந்திருக்கிறது என்பதற்கும் படத்திலேயே குறிப்பு உண்டு. வெடிப்பின் உட்பக்கம் கறுத்துத் தெரிந்தால் அடியில் இன்னும் ஈரம் இருக்கிறது. பாளங்களின் மேல் ஈரம் இல்லாமல் வெடிப்புக் கோடுகளில் மட்டும் புல் முளைத்திருந்தால், நீர் வற்றிச் சில வாரங்களாவது ஆகியிருக்கும். பாளங்களின் விளிம்புகள் உதிர்ந்து மண்தூள் வெடிப்புக்குள் நிரம்பியிருந்தால் நீண்ட நாளாகக் காய்ந்து கிடக்கிறது என்று கொள்ளலாம். பாளங்களின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். மெல்லிய சேற்றுப் படலம் சிறு சிறு சில்லுகளாக வெடிக்கும். தடித்த சேறு பெரும் பாளங்களாக வெடிக்கும்.

தட்டில் செய்து பார்க்கும் சோதனை

இவற்றைச் சொல்லி நம்ப வைப்பதைவிடச் செய்து காட்டுவது எளிது. ஒரே அளவுள்ள நான்கு மண்சட்டி மூடிகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மூடியில் கண்மாய்க் களிமண்ணை 1 செ.மீ. தடிமனிலும், இரண்டாவதில் அதே மண்ணை 3 செ.மீ. தடிமனிலும் பரப்புங்கள். மூன்றாவதில் செம்மண், நான்காவதில் ஆற்று மணல், இரண்டும் 3 செ.மீ. தடிமன். மண்ணை முதலில் பொடித்து, கல், வேர் நீக்கி, தோசை மாவுப் பதத்தில் குழைத்துவிட்டுப் பரப்ப வேண்டும். நான்கையும் வெயிலில் வைத்து நாள்தோறும் ஒரே நேரத்தில் பார்த்து, குறிப்பேட்டில் வரையச் சொல்லுங்கள்.

மெல்லிய களிமண் முதலில் வெடிக்கும், சில்லுகள் சிறியவை. தடித்த களிமண் தாமதமாக வெடிக்கும், பாளங்கள் பெரியவை. செம்மண்ணில் களி எவ்வளவு இருக்கிறதோ அதற்கேற்ப மெல்லிய கீறல்கள் தோன்றலாம், தோன்றாமலும் போகலாம். மணல் வெறுமனே உலரும். நான்கு மூடிகளுக்கும் ஒரே வெயில், ஒரே காற்று. அதாவது ஒரே “காலநிலை”. ஆனால் நான்கு விதத் தரை. இந்த ஒரு காட்சிக்குப் பிறகு, வெடிப்பைப் பார்த்ததும் காலநிலை மண்டலத்தை எழுதும் அவசரம் மாணவர்களிடம் குறைந்துவிடுகிறது.

இந்தச் சோதனை சில நேரம் சரியாக வராது. வழவழப்பான பிளாஸ்டிக் அல்லது எவர்சில்வர் தட்டில் பரப்பினால் களிமண் வெடிக்காமல் மொத்தமாகச் சுருங்கி, ஓரத்தை விட்டு உள்ளே நகர்ந்துவிடும். அடியில் பிடிப்பு இல்லாததே காரணம். தட்டின் ஓரத்தில் வட்டமாக இடைவெளி விழுந்து, நடுவில் கீறலே இல்லையென்றால் இதுதான் நடந்திருக்கிறது. சொரசொரப்பான மண்மூடியில் மீண்டும் செய்யுங்கள். இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டினால் வெடிப்பின் காரணம் இன்னும் தெளிவாகும்.

தேங்கிய நீர்: பெய்த மழையின் அளவா?

நீர் தேங்கிய படத்திலிருந்து மழையின் அளவை ஊகிப்பதிலும் இதே சிக்கல் இருக்கிறது. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் தேரி நிலத்தில் பெருமழை பெய்தாலும் நீர் விரைவில் மணலுக்குள் இறங்கிவிடும். அதே மழை கரிசலில் பெய்தால் மண் உப்பி வெடிப்புகள் மூடிக்கொள்ளும், பின்னர் நீர் நாள்கணக்கில் நிற்கும். சிமெண்ட் தெருவில் வடிகால் அடைத்திருந்தால் ஒரு மணி நேர மழையே முழங்காலைத் தொடும். கேரளத்தின் குட்டநாட்டு வயல்களில் பல கடல்மட்டத்துக்குக் கீழே உள்ளவை. அங்கே நீரை இறைத்து வெளியேற்றித்தான் நெல் பயிரிடுகிறார்கள். மழையே இல்லாத நாளில் எடுத்த குட்டநாட்டுப் படத்தையும் வெள்ளப்படம் என்று நினைக்க வாய்ப்புண்டு.

எனவே மாணவர்கள் நீரைப் பார்ப்பதற்கு முன் நீரின் நிறத்தைப் பார்க்கட்டும். செம்பழுப்பு நிறம் என்றால் மண்ணை அரித்துக்கொண்டு அண்மையில் வந்த நீர். தெளிந்து, பாசி படிந்து பச்சையாக இருந்தால் பல நாளாக நிற்கும் நீர். சுவரில் நீர்மட்டத்துக்கு மேலே ஈரக்கறை தெரிந்தால் வெள்ளம் வடியத் தொடங்கிவிட்டது. அடுத்து, நீருக்கு வெளியே நடப்பவற்றைப் பார்க்கட்டும். குடையும் மழைக்கோட்டும் உள்ளனவா? நாற்று நடவு நடக்கிறதா, கதிர் முற்றியிருக்கிறதா?

பருவத்தைச் சொல்லும்போது ஊரையும் கேட்க வேண்டும். மும்பையிலும் கேரளத்திலும் பெருமழைக்காலம் ஜூன் முதல் செப்டம்பர் வரை. தமிழ்நாடு தன் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியை அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள வடகிழக்குப் பருவத்தில் பெறுகிறது. “மழைக்காலம்” என்று மட்டும் எழுதும் மாணவருக்குப் பாதி மதிப்பெண்தான். எந்த மழைக்காலம் என்று எழுதியவருக்கே முழு மதிப்பெண்.

புழுதி: பக்கத்தில் மழை பெய்கிறதோ?

புழுதிக்கு மூன்றும் ஒன்றுசேர வேண்டும்: காய்ந்த மேல்மண், பிடிப்பற்ற நுண்துகள், காற்று அல்லது வண்டிச் சக்கரம். கல்குவாரிக்குப் போகும் சாலையில் மழை விட்ட மறுநாளே புழுதி பறக்கும். அது காலநிலை பற்றி எதுவும் சொல்லாது. எனவே படத்தில் புழுதி எதனால் எழுகிறது என்பதே முதல் கேள்வி. ஒரு வண்டியின் பின்னால் மட்டும் எழுந்தால் அது சாலையின் நிலை. அடிவானம் முழுவதும் மங்கி, மரக்கிளைகள் ஒரே திசையில் வளைந்திருந்தால் அது காற்றின் வேலை.

காற்றுப் புழுதியிலும் பருவம் ஒளிந்திருக்கிறது. ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானா பகுதிகளில் ஏப்ரல் முதல் ஜூன் வரை, பருவமழைக்கு முந்தைய வெப்பக் காலத்தில் புழுதிப்புயல்கள் வீசும். ஆனால் கயத்தாறு, ஆரல்வாய்மொழிப் பக்கம் புழுதி கிளம்புவது ஆடிக்காற்றில்தான். அதே நாட்களில் மலைக்கு மேற்கே தென்மேற்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருக்கும், குற்றாலத்தில் சாரல் சீசன் நடக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, கணவாய்கள் வழியாக விரைந்து வரும் காற்று நம் பக்கத்தில் ஈரமின்றி வீசுகிறது. காற்றாலைகள் சுழல்வது, மேற்கு மலை உச்சியில் கருமேகம் நிற்பது, முன்னால் காய்ந்த நிலத்தில் செம்புழுதி எழுவது – இந்த மூன்றும் ஒரே படத்தில் இருந்தால் அதைவிட நல்ல மழைமறைவுப் பிரதேசப் பாடம் கிடைக்காது. “கோடைக்காலம்” என்று எழுதிவிட்டுப் போக வேண்டிய படம் அல்ல அது.

இரண்டு படங்கள், ஒரே ஊர்

இவ்வளவையும் சேர்த்துப் பார்க்க நான் எடுத்துக்கொள்ளும் எடுத்துக்காட்டு சென்னை. நாளிதழ்களில் வந்த இரண்டு படங்களை ஊர்ப்பெயரையும் தேதியையும் மறைத்துக் கரும்பலகையில் ஒட்டுவேன். முதல் படத்தில் வீடுகளின் தரைத்தளம் மூழ்கியிருக்கும், மக்கள் படகில் செல்வார்கள். இரண்டாவது படத்தில் பரந்த ஏரித்தரை பாளம் பாளமாக வெடித்திருக்கும். “இரண்டும் ஒரே காலநிலை மண்டலமா?” என்று கேட்டால் வகுப்பு ஒரே குரலில் இல்லை என்று சொல்லும்.

பிறகு தேதியைக் காட்டுவேன். முதல் படம் 2015 டிசம்பர். அதற்கு முந்தைய நவம்பரிலேயே சென்னையில் 1000 மி.மீ.க்கு மேல் மழை பெய்திருந்தது. ஏரிகள் நிரம்பி, மண் ஊறி நின்ற நிலையில், டிசம்பர் 1 அன்று தொடங்கிய பெருமழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 49 செ.மீ. பதிவானது. செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் அடையாற்றில் பாய்ந்தது. இரண்டாவது படம் 2019 ஜூன். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டன. அதே ஆண்டு ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குக் குடிநீர் வந்து சேர்ந்தது.

நான்கு ஆண்டுகளுக்குள் சென்னையின் காலநிலை மண்டலம் மாறிவிடவில்லை. அங்கே சராசரி ஆண்டு மழை ஏறத்தாழ 1400 மி.மீ. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்துவிடுகிறது. எஞ்சிய மாதங்கள் ஏரியில் சேர்த்ததைச் செலவழிக்கும் மாதங்கள். 2018-இன் வடகிழக்குப் பருவமழை குறைந்தது, சேமிப்பும் குறைந்தது. அடுத்த ஜூனில் ஏரித்தரை வெடித்தது. மழை குறுகிய காலத்தில் குவிவதும், ஆண்டுக்கு ஆண்டு அது பெரிதும் மாறுவதுமே அந்த ஊரின் காலநிலை. வெள்ளப்படமும் வெடிப்புப்படமும் அதன் இரு முகங்கள். ஒன்றை மட்டும் பார்த்து “அதிக மழைப்பகுதி” என்றோ “வறண்ட பகுதி” என்றோ எழுதினால், அந்த ஊருக்கு ஏரிகள் ஏன் தேவை என்ற கேள்வியே மாணவருக்கு எழாது. எங்கள் ஊர்க் கண்மாய்களுக்கும் இது பொருந்தும்.

மண்டலத்தை எதை வைத்துச் சொல்வது?

சில நாட்களில் மாறிவிடும் அறிகுறிகள் பருவத்தையும், பல ஆண்டுகள் எடுத்து உருவாகும் அறிகுறிகள் காலநிலையையும் சொல்லும். நீர், புழுதி, புல்லின் நிறம் ஆகியவை முதல் வகை. வளர்ந்த மரங்கள், வழக்கமாகப் பயிரிடும் பயிர்கள், நீரைத் தேக்கவோ வெளியேற்றவோ மக்கள் செய்துள்ள ஏற்பாடுகள் இரண்டாம் வகை. உடைமரமும் பனையும் நிறைந்த வெளி, வெள்ளம் சூழ்ந்திருந்தாலும் அதன் இயல்பான வறட்சியைக் காட்டிக்கொடுக்கும். பாக்கும் மிளகும் செழித்த தோட்டம், தரை காய்ந்திருந்தாலும் மழை வளத்தைச் சொல்லும். ஒரு எச்சரிக்கை: சீமைக்கருவேலம் கடும் கோடையிலும் பச்சையாகவே நிற்கும். படத்தில் பசுமை தெரிகிறது என்பதற்காக மழைக்காலம் என்று எழுதிவிடக் கூடாது.

விடை எழுதும் முறை

படவினாவுக்கு நான் 5 மதிப்பெண்ணை இப்படிப் பிரிக்கிறேன். படத்தில் கண்ணுக்குத் தெரிபவற்றை மட்டும் எழுதினால் 2. அவற்றிலிருந்து பருவத்தைக் காரணத்துடன் ஊகித்தால் 1. மண்டலத்துக்கான நீடித்த சான்று ஒன்றைச் சுட்டினால், அல்லது அப்படி ஒன்று படத்தில் இல்லை என்று எழுதினால் 1. முடிவை உறுதிசெய்யக் கேட்க வேண்டிய ஒரு கேள்விக்கு 1. “எந்த மாதம் எடுத்த படம்?”, “இது வயலா, ஏரியா?”, “இந்த ஊரின் 12 மாத மழைப்பதிவு என்ன?” போன்றவை நல்ல கேள்விகள். தொடக்க வகுப்புகளில் மண்டலத்தை விட்டுவிடலாம். ஈரமா, காய்ந்ததா, எத்தனை நாளாக இருக்கும் என்ற அளவில் பேச வைத்தால் போதும்.

பள்ளிக்கு அருகில் கண்மாயோ குளமோ இருந்தால் ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில், ஒரே இடத்தில் நின்று, ஒரே திசையில் ஒரு படம் எடுத்து வையுங்கள். மடைக்கல், பனைமரம் போன்ற அசையாத பொருள் ஒன்று எல்லாப் படத்திலும் இருக்கட்டும். படத்தின் கீழ் தேதியையும் அந்த மாதத்தில் பெய்த மழையின் அளவையும் எழுதுங்கள். 12 படங்களையும் வரிசையாக ஒட்டியபின், நடுவிலிருந்து ஒன்றை எடுத்து மறைத்துவிட்டு, அந்த மாதத் தரை எப்படி இருந்திருக்கும் என்று கேளுங்கள். முன்னும் பின்னும் உள்ள படங்களைப் பார்த்து மாணவர்கள் சொல்லும் காரணங்களிலிருந்து, ஒற்றைப் படத்தைப் படிக்கும்போது அவர்கள் எதைத் தேட வேண்டும் என்பது தெரிந்துவிடும்.